முட்டை வெள்ளைக்கருவில் எவ்வளவு புரதம்? ஸ்டாண்டர்ட் கிராஃப் போட்டுக் கண்டுபிடிப்பது

"சார், ஓ.டி. 0.28 வந்திருக்கு. இதுதான் ஆன்சரா?"

உயிர்வேதியியல் செய்முறை வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் எப்படியும் ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். அரை நாள் பிப்பெட்டும் கையுமாக நின்று, கடைசியில் கருவி காட்டிய எண் அது. ஆனால் அது விடை இல்லை. கலரிமீட்டருக்குப் புரதம் என்றால் என்னவென்றே தெரியாது. உள்ளே அனுப்பிய ஒளியில் எவ்வளவு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த எண்ணை மைக்ரோகிராமாக மாற்றும் வேலை நம்முடையது. அதற்கு நாம் கையோடு செய்துகொள்ளும் அளவுகோல்தான் ஸ்டாண்டர்ட் கிராஃப்.

சந்தையில் தராசு சரியா என்று பார்க்க, எடை தெரிந்த படிக்கல்லைத் தட்டில் வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அதே யோசனைதான். அளவு தெரிந்த புரதத்தை முதலில் கருவிக்குக் காட்டுகிறோம். 40 மைக்ரோகிராமுக்கு என்ன எண் வருகிறது, 80க்கு என்ன, 120க்கு என்ன என்று குறித்துக்கொள்கிறோம். அப்புறம் அளவு தெரியாத மாதிரியை வைத்து, அதன் எண் இந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று பார்க்கிறோம்.

இதை ஒரு முட்டையை வைத்தே செய்து பார்ப்போம். லௌரி முறை என்று எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும் சோதனை, 1951இல் வெளியானது. முட்டையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருக்கிறது. 100 கிராம் வெள்ளைக்கருவில் சுமார் 11 கிராம் புரதம் என்று உணவுச் சத்து அட்டவணைகள் சொல்கின்றன. நமக்கு வரும் விடை அதன் பக்கத்தில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

அப்சார்பன்ஸ் என்றால் எதை அளக்கிறோம்?

கருவிக்குள் 100 பங்கு ஒளி போகிறது, 50 பங்கு வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கரைசலை இன்னொரு குவெட்டில் ஊற்றி முதலாவதன் பின்னால் நிறுத்தினால் எவ்வளவு வரும்? இரண்டாவதும் 50 பங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமே வராமல் போகாது. அது தனக்கு வந்த 50இல் பாதியைத்தான் பிடிக்கும். எனவே 25 வரும். மூன்றாவதும் வைத்தால் பன்னிரண்டரை.

பொருள் ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு என ஏறும்போது வெளிவரும் ஒளி 50, 25, 12.5 என்று வளைந்து இறங்குகிறது. இதை வரைபடத்தில் போட்டால் நேர்கோடு கிடைக்காது. ஆனால் அதே எண்களை மடக்கையாக மாற்றினால் 0.30, 0.60, 0.90 என்று சீராக ஏறும். அதுதான் அப்சார்பன்ஸ், ஆய்வகப் பேச்சில் ஓ.டி.

```
A = log10(I0 / I)
```

`I0` உள்ளே போன ஒளி, `I` வெளியே வந்த ஒளி. பொருளின் அளவு இரட்டித்தால் அப்சார்பன்ஸும் இரட்டிக்கும் என்பதுதான் பியர்-லாம்பர்ட் விதி நமக்குத் தரும் உதவி. ஓர் எச்சரிக்கையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஓ.டி. 1 என்றால் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வந்திருக்கிறது. 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு. அவ்வளவு சொற்ப ஒளியைக் கல்லூரிக் கலரிமீட்டர் நம்பகமாக அளக்காது. 2.1 என்று திரையில் வந்தால் அதை ஓர் எண்ணாகவே மதிக்காதீர்கள்.

குழாய்களை நிரப்புவது

புரதத்துக்கு நிறம் இல்லை, எனவே நிறம் உண்டாக்க வேண்டும். லௌரி முறையில் இரண்டு படிகள். முதலில், காரத்தன்மையுள்ள தாமிரக் கரைசல் புரதத்தோடு சேரும். அடுத்து ஊற்றும் ஃபோலின் கரைசல் அதனோடு வினைபுரிந்து நீலமாகும். புரதம் கூடக் கூட நீலம் கூடும். அந்த நீலத்தை 660 நானோமீட்டரில், அதாவது சிவப்பு ஒளியில் அளக்கிறோம். நீலக் கரைசல் விழுங்குவது சிவப்பைத்தான் என்பதால் அந்த ஃபில்டர்.

அளவு தெரிந்த புரதமாக மாட்டு ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆல்புமினைப் பயன்படுத்துவார்கள், சீசாவில் பி.எஸ்.ஏ. என்று இருக்கும். 100 மில்லிகிராம் எடுத்து 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஸ்டாக். குலுக்காதீர்கள், நுரைத்துக்கொண்டு நிற்கும். தூளை நீரின் மேல் தூவிவிட்டுச் சற்று நேரம் விட்டால் தானே கரையும். இந்த ஸ்டாக்கில் 20 மில்லி எடுத்து 100 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் உள்ள வொர்க்கிங் ஸ்டாண்டர்ட் கிடைக்கும்.

முட்டைப் பக்கம் வருவோம். வெள்ளைக்கரு கொழகொழவென்று இருப்பதால் பிப்பெட்டில் அளந்தால் பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு சிறு பீக்கரில் 1 கிராம் எடை போட்டு எடுத்து, 0.9 சதவீத உப்புநீரில் கலந்து, பீக்கரையும் அலசி ஊற்றி 100 மில்லியாக்குங்கள். வெறும் தண்ணீரில் கலந்தால் சில புரதங்கள் வீழ்படிந்து கலங்கிவிடும், அதற்காகத்தான் உப்புநீர். இதில் 10 மில்லி எடுத்து மறுபடி 100 மில்லியாக்குங்கள். முதலில் 100 மடங்கு, பிறகு 10 மடங்கு, ஆக மொத்தம் 1000 மடங்கு நீர்த்திருக்கிறோம். இந்த 1000ஐ நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போடுங்கள். கடைசியில் தேவைப்படும், அப்போது மறந்திருக்கும்.

இனி குழாய்கள். 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மில்லி என்று வொர்க்கிங் ஸ்டாண்டர்டை ஐந்து குழாய்களில் எடுத்து, ஒவ்வொன்றையும் தண்ணீரால் 1 மில்லியாக்குகிறோம். பிளாங்கில் 1 மில்லி தண்ணீர் மட்டும். இன்னும் இரண்டு குழாய்களில் நீர்த்த முட்டைக் கரைசல்: ஒன்றில் 0.5 மில்லி, மற்றதில் 1 மில்லி. முதலாவதையும் தண்ணீரால் 1 மில்லியாக்க வேண்டும். எல்லாவற்றிலும் 5 மில்லி தாமிரக் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து, 0.5 மில்லி ஃபோலின் சேர்த்து, அரை மணி நேரம் இருட்டில் வைத்துவிட்டு அளக்க வேண்டும்.

பிளாங்க் என்பது வெறும் தண்ணீர் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதிலும் தாமிரக் கரைசல் உண்டு, ஃபோலின் உண்டு. இல்லாதது புரதம் மட்டும். கருவியை இதை வைத்துத்தான் சுழியாக்க வேண்டும். வெறும் தண்ணீரை வைத்துச் சுழியாக்கினால் மருந்துகளின் சொந்த நிறமும் புரதக் கணக்கில் ஏறிவிடும்.

ஃபோலின் ஊற்றும் இடத்தில்தான் நிறைய பேருக்குச் சறுக்குகிறது. காரக் கரைசலில் அது சிறிது நேரமே உயிரோடு இருக்கும். எட்டுக் குழாயிலும் வரிசையாக ஊற்றிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் கலக்கினால் முதல் குழாய் ஒரு கதை சொல்லும், எட்டாவது வேறு கதை சொல்லும். ஒரு குழாயில் ஊற்றியதும் உடனே கலக்கி, அரை நிமிடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். அளக்கும்போதும் அதே வரிசையில், அதே அரை நிமிட இடைவெளியில் அளந்தால் எல்லாக் குழாய்க்கும் சம நேரம் கிடைக்கும்.

எண்கள் வந்த பிறகு

ஒரு வகுப்பில் கிடைத்த ரீடிங் இப்படி இருந்தது என்று கொள்வோம்.

| குழாயில் உள்ள பி.எஸ்.ஏ. (மைக்ரோகிராம்) | ஓ.டி. |
|---|---|
| 0 | 0.00 |
| 40 | 0.11 |
| 80 | 0.21 |
| 120 | 0.32 |
| 160 | 0.41 |
| 200 | 0.50 |

முட்டைக் கரைசல் 0.5 மில்லிக்கு 0.14, 1 மில்லிக்கு 0.28.

கிராஃப் தாளில் கிடைமட்ட அச்சில் மைக்ரோகிராம், செங்குத்து அச்சில் ஓ.டி. புள்ளிகளை வைத்துவிட்டுப் புள்ளிக்குப் புள்ளி இழுத்துக் கோலம் போடக் கூடாது. எல்லாப் புள்ளிகளுக்கும் நெருக்கமாக, சில மேலேயும் சில கீழேயும் நிற்கும்படி அளவுகோலை வைத்து ஒரே நேர்கோடு. எக்செல் இருந்தால், முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, இரண்டாம் வரியிலிருந்து மைக்ரோகிராமை A நெடுவரிசையிலும் ஓ.டி.யை B நெடுவரிசையிலும் இட்டு:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=INTERCEPT(B2:B7,A2:A7)
=RSQ(B2:B7,A2:A7)
```

நம் எண்களுக்கு இது தரும் கோடு `y = 0.0025x + 0.0076`, `R²` 0.998. இந்த 0.0025ஐச் சற்று நின்று பாருங்கள். ஒரு மைக்ரோகிராம் புரதம் ஓ.டி.யை 0.0025 ஏற்றுகிறது என்று அர்த்தம். திருப்பிச் சொன்னால், திரையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால், அதாவது 0.28 என்பது 0.29 ஆனால், கணக்கில் 4 மைக்ரோகிராம் மாறிவிடும். விடையை 108.96 என்று இரண்டு தசமத்தோடு எழுதுபவர்கள் இதை ஒரு முறை யோசித்தால் போதும்.

சரி, தெரியாத மாதிரிக்கு வருவோம். கோட்டில் `y` தெரியும், `x` வேண்டும்:

```
x = (y - 0.0076) / 0.0025
```

1 மில்லி குழாய்: (0.28 − 0.0076) ÷ 0.0025 = 109 மைக்ரோகிராம். இது 1 மில்லியில் இருந்தது.

0.5 மில்லி குழாய்: (0.14 − 0.0076) ÷ 0.0025 = 53 மைக்ரோகிராம். இது அரை மில்லியில் இருந்தது, எனவே ஒரு மில்லிக்கு 106.

இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம். வித்தியாசம் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கடைசி இலக்கம் ஒன்று அசைந்தாலே 4 மைக்ரோகிராம் போய்விடும் என்று பார்த்தோமே, அதற்குள்தான் அடங்குகிறது. சராசரி ஒரு மில்லிக்குச் சுமார் 107 மைக்ரோகிராம். வட்டம் போட்டு வைத்த 1000ஐ இப்போது எடுங்கள். 1 கிராம் வெள்ளைக்கரு 1000 மில்லியில் பரவியதற்குச் சமம். ஆகவே 1 கிராமில் 1,07,000 மைக்ரோகிராம், அதாவது 107 மில்லிகிராம். 100 கிராமுக்கு 10.7 கிராம். அட்டவணை சொன்ன 11க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

எங்கே தவறுகிறது

மேலே கிடைமட்ட அச்சில் 'ஒரு மில்லிக்கு மைக்ரோகிராம்' என்று எழுதாமல் 'குழாயில் உள்ள மைக்ரோகிராம்' என்று எழுதினேன். என் அனுபவத்தில் பாதித் தவறுகள் பிறப்பது இங்கேதான். எல்லாக் குழாயிலும் கடைசிக் கன அளவு ஆறரை மில்லிதான் என்பதால், குழாயில் எவ்வளவு போட்டோம் என்பது மட்டுமே கணக்கு. கோட்டிலிருந்து வரும் விடையும் குழாயில் உள்ள அளவுதான். அது நீங்கள் பிப்பெட் செய்த 0.5 மில்லியிலிருந்து வந்ததா, 1 மில்லியிலிருந்தா என்று வகுப்பது அடுத்த படி. நீர்த்த மடங்கால் பெருக்குவது அதற்கும் அடுத்த படி. சிலர் அச்சில் 'மில்லிக்கு' என்று எழுதிவிட்டு, கடைசியில் ஆறரையாலும் பெருக்கி, 100 கிராம் வெள்ளைக்கருவுக்குள் எழுபது கிராம் புரதம் வைத்துவிடுவார்கள்.

அடுத்தது, கோட்டை அதன் எல்லைக்கு வெளியே நீட்டுவது. ஒரு வருடம் ஒரு குழு இரண்டாவது நீர்த்தலை மறந்துவிட்டது. அவர்களுடைய 1 மில்லி குழாயில் ஆயிரத்துக்கும் மேல் மைக்ரோகிராம் இருந்தது. ஓ.டி. 1.32. அதைக் கோட்டின் சூத்திரத்தில் போட்டு 525 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டார்கள். 100ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 52 மில்லிகிராம், உண்மையில் பாதி. கோடு பொய் சொல்லவில்லை. 200 மைக்ரோகிராமுக்கு அப்பால் என்ன நடக்கும் என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை. லௌரி முறையில் புரதம் ஏற ஏற நிறம் அதே விகிதத்தில் ஏறாது, கோடு வளைந்து படுக்க ஆரம்பிக்கும். மேலே உள்ள அட்டவணையிலேயே அதன் சாயல் உண்டு: முதல் 120 மைக்ரோகிராமுக்கு 0.32 ஏறியது, அந்த வேகத்தில் போனால் 200க்கு 0.53 வர வேண்டும், வந்தது 0.50.

ஓ.டி. அதிகமாகிவிட்டால், நீலமான கரைசலிலேயே தண்ணீர் ஊற்றி அளந்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்தக் குழாயில் தாமிரமும் ஃபோலினும் புரதத்துக்குப் போதாமல் போயிருக்கலாம். உருவாகாத நிறத்தைத் தண்ணீர் கொண்டுவராது. நீர்த்த வேண்டியது மாதிரியை, நிறம் வருவதற்கு முன்னால். இதற்காகத்தான் தெரியாத மாதிரியை எப்போதும் இரண்டு அளவுகளில் வைக்கச் சொல்கிறேன். 0.5 மில்லிக்கு வந்ததைப் போல 1 மில்லிக்கு ஏறக்குறைய இரு மடங்கு வந்தால் நாம் நேர்கோட்டுப் பகுதியில் இருக்கிறோம். ஒன்றரை மடங்குதான் வந்தது என்றால் வளைவுக்குள் போய்விட்டோம், மேலும் நீர்த்த வேண்டும்.

மூன்றாவது தவறு கொஞ்சம் விஷமமானது, ஏனென்றால் கிராஃப் அழகாக வரும். ஸ்டாக் தயாரிக்கும்போது 100 மில்லிகிராமுக்குப் பதில் 50 போட்டுவிட்டோம் என்று வையுங்கள். ஐந்து குழாய்களிலும் நாம் நினைத்ததில் பாதிதான் புரதம் இருக்கும். எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதால் கோடு கனகச்சிதமாக நேராக வரும், `R²` 0.998 என்றே காட்டும். ஆனால் சரிவு 0.0025க்குப் பதில் அதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும், முட்டையின் புரதம் 100 கிராமுக்கு இருபத்தொன்றைத் தாண்டும். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் `R²` சொல்கிறது. அவை உண்மையா என்று அதற்குத் தெரியாது. இதைப் பிடிக்க வழி, சரிவை ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பதுதான். அதே கருவி, அதே முறை என்றால் வகுப்புக்கு வகுப்பு சரிவு கொஞ்சம்தான் ஆடும். திடீரென்று பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆனால் ஸ்டாக்கைச் சந்தேகியுங்கள்.

இதே காரணத்தால்தான் போன வார கிராஃபை இந்த வார மாதிரிக்குப் பயன்படுத்தச் சம்மதிப்பதில்லை. ஃபோலின் கரைசல் பழசாகும், விளக்கு மங்கும், அறையின் சூடு மாறும். ஸ்டாண்டர்டும் மாதிரியும் ஒரே நாளில், ஒரே மருந்தில், ஒரே வரிசையில் நின்றால் இந்த மாற்றங்கள் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும், கணக்கில் அடிபட்டுப் போகும்.

ரெக்கார்டு நோட்டில் நான் பார்க்கும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாப் புள்ளியும் கோட்டின் மேலேயே, முத்து கோத்த மாதிரி உட்கார்ந்திருக்கும். கோடு போட்ட பிறகு புள்ளி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரியும். 120 மைக்ரோகிராம் குழாய் 0.24 என்று கீழே விழுந்தால் அதை 0.31 என்று திருத்துவதைவிட, விழுந்ததாகவே காட்டி, 'பிப்பெட்டில் காற்றுக்குமிழி இருந்தது' என்று பக்கத்தில் எழுதினால் நான் மதிப்பெண் குறைப்பதில்லை. முடிந்தால் அந்தக் குழாயை மட்டும் பிளாங்கோடு சேர்த்து மறுபடி வைத்துப் பாருங்கள். அதற்காகவே ஸ்டாண்டர்ட் குழாய்களை இரட்டையாக வைக்கும் ஆய்வகங்கள் உண்டு. இரண்டில் ஒன்று மட்டும் விலகினால் கையின் தவறு, இரண்டும் சேர்ந்து விலகினால் வேறு எங்கோ தவறு.

10.7 என்பது எந்த அர்த்தத்தில்?

ஃபோலின் நிறம் பெரும்பாலும் புரதத்திலுள்ள டைரோசின், ட்ரிப்டோஃபன் என்ற அமினோ அமிலங்களைப் பொறுத்தது. அவை எல்லாப் புரதத்திலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. நாம் படிக்கல்லாக வைத்தது மாட்டு ஆல்புமின், எடை போட்டது முட்டைப் புரதம். எடை ஒன்றே ஆனாலும் நீலம் கொஞ்சம் கூடக் குறைய வரலாம். எனவே நம் விடையை முழுதாகச் சொன்னால், '100 கிராம் வெள்ளைக்கரு, 10.7 கிராம் பி.எஸ்.ஏ. தரும் அளவு நிறத்தைத் தந்தது' என்பதுதான். முட்டையிலிருந்தே பிரித்தெடுத்த ஓவல்புமினை ஸ்டாண்டர்டாக வைத்தால் இன்னும் நெருங்கலாம்.

புரதமே இல்லாத சில பொருட்களும் இந்த நீலத்தைத் தொந்தரவு செய்யும். டிரிஸ் பஃபர், இ.டி.டி.ஏ., மெர்காப்டோஎத்தனால் மூன்றும் இதில் பேர் போனவை. உங்கள் மாதிரி அப்படிப்பட்ட பஃபரில் இருந்தால், ஸ்டாண்டர்ட் குழாய்களிலும் பிளாங்கிலும் தண்ணீருக்குப் பதில் அதே பஃபரை அதே அளவு ஊற்றுங்கள். அப்படியும் பிளாங்க் அடர் நீலமாக நின்றால், அந்த மாதிரிக்கு லௌரி முறை ஒத்துவராது என்று அர்த்தம்.